சளியோடு ஓடலாமா? கழுத்துக் கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது

"அண்ணே, நான் சுங்கை சிப்புட். வயது 31. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூக்கு ஒழுகுது, தும்மல், தொண்டையில கரகரப்பு. காய்ச்சல் இருக்கிற மாதிரி தெரியல. இன்னும் மூணு வாரத்துல ஈப்போவுல 10 கிலோமீட்டர் ஓட்டம். கழுத்துக்கு மேல மட்டும் கோளாறுன்னா ஓடலாம், கீழ இறங்கிட்டா கூடாதுன்னு எங்க ஓட்டக் குழுவுல சொல்றாங்க. நல்லா வேர்த்தா சளி இறங்கிடும்னு அம்மா சொல்றாங்க. இப்ப ஓடலாமா? படுத்துட்டா திரும்ப எப்ப ஆரம்பிக்கிறது?"

ஓடலாம் தம்பி. ஆனால் மெதுவாக, அதுவும் காய்ச்சல் மாத்திரையின் வேகம் இல்லாத நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகு. "காய்ச்சல் இருக்கிற மாதிரி தெரியல" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது. பார்த்துவிட்டு இல்லை என்கிறீர்களா, பார்க்காமலேயே சொல்கிறீர்களா? தோட்டத்துக் கிளினிக்கில் டிரசராக இருந்த காலம் முழுக்க நான் அதிகம் கேட்ட வாக்கியம் அது. சொன்னவர்களில் பாதிப் பேருடைய கை நெருப்பாய்ச் சுடும்.

கழுத்துக் கணக்கு தவறான கணக்கு இல்லை. அமெரிக்காவில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இருந்த எய்க்னர் என்ற மருத்துவர் 1990களின் தொடக்கத்தில் விளையாட்டு வீரர்களுக்காகச் சொன்னது. மூக்கு ஒழுகல், அடைப்பு, தும்மல், தொண்டைக் கரகரப்பு மட்டும் இருந்தால் லேசாகப் பயிற்சி செய்யலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சிலிருந்து வரும் இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் கூடாது. வாய்வழியாகப் பரவும்போது இந்த முன்பாதி மட்டும்தான் பரவியிருக்கிறது. பின்பாதி முக்கியமானது: மேலே மட்டும் கோளாறு என்றாலும் முதல் 10 நிமிடம் பாதி வேகத்தில் ஓடிப் பார்க்க வேண்டும். மூக்கு திறந்து, உடம்பு இலேசானால் தொடரலாம். தலை விண்விண் என்று தெறித்தாலோ, ஒவ்வொரு அடியும் பாரமாக இருந்தாலோ அங்கேயே திரும்பி வீட்டுக்கு நடக்க வேண்டும். அதாவது, கழுத்துக்கு மேலே என்பது ஓடுவதற்கான அனுமதி இல்லை. ஓடிப் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே.

இதற்கு ஆதாரமும் உண்டு. இண்டியானாவில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வைட்னர் என்பவரும் அவர் குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 50 இளைஞர்களின் மூக்கில் சளி வைரஸை வேண்டுமென்றே செலுத்தினார்கள். அவர்களில் 34 பேரை ஒருநாள் விட்டு ஒருநாள், 40 நிமிடம், மிதமான வேகத்தில் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். மற்றவர்களைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். 10 நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் சளியின் கடுமையில் வித்தியாசமில்லை, நீடித்த நாள்களிலும் வித்தியாசமில்லை. உடற்பயிற்சி சளியைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அம்மாவின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வேர்த்தால் சளி இறங்குவதில்லை. ஆனால் அவர் சொல்வது வெறும் கற்பனையும் இல்லை. ஓட ஆரம்பித்ததும் உடம்பில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் கூடுகின்றன. அவை மூக்குக்குள் வீங்கியிருக்கும் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அடைப்பு விட்டுவிடும். அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். குளித்துவிட்டு உட்கார்ந்த சிறிது நேரத்தில் அடைப்பு திரும்பி வந்துவிடும். மூக்கு திறந்ததை நோய் போனதாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆய்வில் எல்லோருக்கும் இருந்தது சாதாரணச் சளி வைரஸ்தான். மூக்கில் செலுத்தியவர்களுக்கே அது என்ன வைரஸ் என்று தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அதுவும் நாம் இருக்கும் இடம் செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவே, கொசுவும் எலியும் தண்ணீர் தேங்கிய கால்வாயும் உள்ள ஊர். இங்கே ஆளைப் படுக்கையில் தள்ளும் இரண்டு காய்ச்சல்கள், டிங்கியும் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும், கழுத்துக்கு மேலேயும் காட்டுகின்றன. தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, கண் சிவப்பு எல்லாம் கழுத்துக்கு மேலேதானே? கழுத்தை மட்டும் கணக்கில் வைத்தால் டிங்கிக்காரனும் ஓடலாம் என்று பதில் வரும்.

இப்படித்தான் ஒரு பந்து விளையாட்டுக்காரப் பையனைப் பார்த்தேன். வயது 22. வெள்ளிக்கிழமை மதியம் தலைவலி, கண்ணை அசைத்தால் வலி. மூக்கு ஒழுகவில்லை, இருமல் இல்லை. "தலைவலி மேலதானே" என்று இரண்டு பாரசிட்டமோலைப் போட்டுக்கொண்டு மாலை திடலுக்கு வந்துவிட்டான். முதல் பாதி ஓடினான். இடைவேளையில் அந்த வெக்கையிலும் குளிர்கிறது என்று துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். மாத்திரையின் வேகம் இறங்கிய பிறகு இரவில் பார்த்தால் 39 டிகிரிக்கு மேல். மறுநாள் கிளினிக்கில் இரத்தம் எடுத்ததில் டிங்கி என்று வந்தது. இதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டது. உடம்பு சரியாகிவிட்டது, மாலை லேசாக ஓடப் போகிறேன் என்றான். டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் வேளையில், இரத்தத்தின் நீர் குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறும், தட்டணுக்களும் குறைந்திருக்கும். அந்த ஒன்றிரண்டு நாளில் வேர்க்க விறுவிறுக்க ஓடினால் ஏற்கெனவே நீரிழந்த உடம்பு இன்னும் நீரை இழக்கும், பந்து வயிற்றில் பட்டால் உள்ளே இரத்தம் கசியலாம். அன்று மாலையே அவனுக்கு வயிற்று வலி வந்தது, மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். நல்லபடியாகத் திரும்பினான். ஆனால் பழைய வேகம் வர ஒரு மாதம் ஆயிற்று.

எலிக் காய்ச்சல் ஓட்டக்காரர்களுக்கு இன்னும் ஒரு தந்திரம் செய்யும். அதில் கெண்டைக்கால் சதை கடுமையாக வலிக்கும். நீங்கள் அதை நேற்று ஓடியதால் வந்த வலி என்றே நினைப்பீர்கள். பயிற்சியால் வரும் வலி ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூடுதலாக இருக்கும், பிறகு குறையும், ஓடிய சதையில் மட்டும் இருக்கும், காய்ச்சல் வராது. ஓடாமலே வலித்தாலோ, முதுகும் கையும் சேர்ந்து வலித்தாலோ, கண் சிவந்து உடம்பு சுட்டாலோ அது பயிற்சி வலி இல்லை. மழைக்குப் பிறகு தோட்டத்துப் பாதையில் தேங்கிய தண்ணீரில் கால் வைத்து ஓடியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீரில் நின்றதற்கும் நோய் தெரிவதற்கும் நடுவே பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் போய்விடுவதால் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை, மருத்துவரும் கேட்காவிட்டால் விட்டுப்போகும்.

ஆகவே என் வரிசை இது: முதலில் சூடு, பிறகுதான் கழுத்து. காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டர் வையுங்கள். அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிட ஏறக்குறைய அரை டிகிரி குறைவாகக் காட்டும். அக்குளில் 37.5-ஐத் தொட்டால் அன்று ஓட்டம் இல்லை. 38-ஐத் தாண்டினால், குறிப்பாக மூக்கும் ஒழுகாமல் காய்ச்சல் மட்டும் இருந்தால், கிளினிக்குக்குப் போய் இரத்தம் பார்த்துவிடுங்கள். அதுவரை வலிக்குப் பாரசிட்டமோல் மட்டும் போதும். மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், டிங்கியாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும்.

இந்தச் சோதனையைக் கெடுப்பது மாத்திரைதான். பாரசிட்டமோல் நான்கு முதல் ஆறு மணி நேரம் சூட்டை அடக்கிவைக்கும். கடையில் வாங்கும் சளி மாத்திரைகளில் பலவற்றில் பாரசிட்டமோலும் சேர்ந்தே இருக்கும். சளிக்கு மட்டும்தான் போட்டேன் என்பவர்களுக்கு இது தெரிவதில்லை, அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். போட்டிருந்தால் ஆறு மணி நேரம் போன பிறகு அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்துகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சூடோஎஃபெட்ரின் போன்றவை இதயத் துடிப்பைக் கூட்டும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அவற்றைப் போட்டுக்கொண்டு ஓடினால் கையில் கட்டிய கைக்கடிகாரம் காட்டும் துடிப்புக்கு அர்த்தமில்லை. அரிப்புக்கும் சளிக்கும் தரும் மஞ்சள் மாத்திரையோ தூக்கத்தைக் கொண்டுவரும். மோட்டார் சைக்கிள்கள் பறக்கும் சாலையோரம் விடியுமுன் ஓடுகிறவருக்கு அது நல்லதில்லை.

காய்ச்சலோடு ஓடினால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். வேலை செய்யும் சதை சூட்டை உண்டாக்குகிறது, அந்தச் சூடு பெரும்பாலும் வேர்வை உலர்வதால்தான் வெளியே போகிறது. நம் ஊரின் ஈரக் காற்றில் வேர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே 38.5-இல் நிற்கும் உடம்பு மேலே ஏறுவதற்கு அதிக நேரம் ஆகாது. அதைவிட எனக்குப் பயம் இதயத்தைப் பற்றித்தான். சில வைரஸ்கள் இதயத் தசையைத் தாக்கும். காக்சாக்கி வைரஸ் தொற்றிய எலிகளைக் கட்டாயமாக நீந்தவிட்டு 1970-இல் செய்த சோதனையில், நீந்தியவற்றின் இதயத்தில் வைரஸ் பன்மடங்கு பெருகியிருந்தது. மனிதர்களிடம் இது அரிதுதான், எலிக்கு நடந்தது அப்படியே நமக்கு நடக்கும் என்றும் இல்லை. ஆனால் வந்துவிட்டால் மூன்று முதல் ஆறு மாதம் வரை போட்டிப் பயிற்சியை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் வருவது போன்ற உணர்வு, வழக்கமாக ஏறும் படியில் மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் பத்து நிமிடச் சோதனையெல்லாம் வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள், இதயத்தின் மின்பதிவை எடுத்துப் பார்ப்பார்கள்.

இருமல்தான் எல்லோரையும் குழப்பும், அது கழுத்துக்கு மேலா கீழா என்று. மூக்கிலிருந்து தொண்டைக்குள் ஒழுகுவதால் வரும் இருமல் படுத்தவுடன் கூடும், நெஞ்சு நிறைய மூச்சிழுத்தால் இடைஞ்சல் இருக்காது. அதோடு மெதுவாக ஓடலாம். ஆழமாக மூச்சிழுக்கும்போதே இருமல் கிளம்பினாலோ, நெஞ்சு இறுகினாலோ, விசில் போலச் சத்தம் கேட்டாலோ அது கீழே இறங்கிய இருமல், ஓட வேண்டாம். சளி போன பிறகும் வறட்டு இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது சகஜம். அதற்காக அத்தனை நாளும் படுத்திருக்கத் தேவையில்லை. ஆனால் புகைமூட்டம் அடர்ந்த நாளில் வெளியே ஓடி அதைக் கிளறிவிடாதீர்கள். காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டிவிட்டால் சளி இல்லாதவர்களுக்கே அந்தக் காற்று நல்லதில்லை.

தொண்டை வலியிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது உங்களைவிட உங்கள் குழுவில் உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். கடுமையான தொண்டை வலியோடு கழுத்தில் நெறி கட்டி, வாரக்கணக்கில் சோர்வு போகாமல் இருந்தால் சுரப்பிக் காய்ச்சலாக இருக்கலாம். அதில் மண்ணீரல் வீங்கும். பந்து விளையாட்டில் ஒரு முழங்கை பட்டால் கிழிந்துவிடலாம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை, குறைந்தது மூன்று நான்கு வாரமாவது, மோதல் உள்ள விளையாட்டுக்கு விடக் கூடாது.

இனி உங்கள் நாள்களைப் பார்ப்போம். ஞாயிறு தொடங்கிய சளி என்றால் கடுமையான நாள்கள் அநேகமாகத் தாண்டிவிட்டன. சாதாரணச் சளி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். நாளைக் காலை எழுந்ததும், மாத்திரைக்கு முன்னால், சூட்டைப் பாருங்கள். படுக்கையில் இருந்தபடியே ஒரு நிமிடம் நாடியையும் எண்ணுங்கள். உடம்புச் சூடு ஒரு டிகிரி ஏறினால் துடிப்பு ஏறக்குறைய 10 கூடும். வழக்கமாகக் காலையில் 60 என்றால் 70 காட்டும் நாளில் ஓடாதீர்கள், தெர்மாமீட்டர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும். இரண்டும் சரியாக இருந்தால் சமதளமான இடத்தில் 10 நிமிடம். நீங்கள் ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடுகிறவர் என்றால் 8 நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும் வேகம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். நன்றாக இருந்தால் மொத்தம் 25 நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள். மறுநாள் ஓய்வு, அதற்கடுத்த நாள் அதையே திரும்பச் செய்யுங்கள். மூக்கு உலரும்வரை மேட்டில் ஏறுவதும் வேக ஓட்டமும் வேண்டாம்.

குழுவோடு ஓடாமல் தனியாக ஓடுங்கள், முதல் சில நாளில்தான் அடுத்தவருக்கு அதிகம் தொற்றும். ஒரே தண்ணீர்ப் புட்டியைச் சுற்றுக்கு விடும் நம் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சண்டை போட வேண்டும், இன்னொரு நாள் போடுகிறேன். உடற்பயிற்சிக் கூடமும் இந்த வாரம் வேண்டாம்.

இப்படியே போனால் அடுத்த வாரம் நடுவில் உங்கள் வழக்கமான மெதுவான ஓட்டத்துக்குத் திரும்பிவிடலாம், 5 அல்லது 6 கிலோமீட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள். அதில் இரண்டு ஓட்டம் நன்றாகப் போய், மறுநாள் காலை நாடியும் வழக்கம்போல இருந்தால் ஒரு வேகப் பயிற்சி செய்து பாருங்கள். மூன்றாவது வாரம் எப்படியும் குறைத்து ஓட வேண்டிய வாரம்தான். விட்டுப்போன ஓட்டத்தையெல்லாம் அந்த வாரத்தில் அடைத்துப் போடப் பார்க்காதீர்கள். ஒரு வாரம் ஓடாமல் இருந்ததால் நெஞ்சின் திறன் பெரிதாகக் குறைந்துவிடாது. உண்மையான இறக்கம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய இரண்டு வாரம் முழுதாக விட்ட பிறகுதான்.

காய்ச்சல் வந்துவிட்டால் கணக்கு மாறும். மாத்திரை இல்லாமல் முழுதாக ஒரு நாள் சூடு இல்லாமல் இருந்த பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். காய்ச்சல் எத்தனை நாள் இருந்ததோ அத்தனை நாளாவது வெறும் நடை. இது நான் ஆட்களுக்குச் சொல்லும் வழக்கம், ஆய்வில் வந்த எண் இல்லை. நடையில் சோர்வு தெரியாவிட்டால் 15 நிமிடம் மெதுவோட்டம், ஒருநாள் இடைவெளி விட்டு 25 நிமிடம், பிறகு வழக்கமான தூரத்தை மெதுவான வேகத்தில், கடைசியாகத்தான் வேகம். தூரமும் வேகமும் ஒரே நாளில் கூடக் கூடாது. ஒரு படியில் மறுநாள் காலை நாடி ஏறியிருந்தாலோ, வழக்கத்துக்கு மேல் தூக்கம் கேட்டாலோ, முந்திய படிக்கு இறங்கி இரண்டு நாள் அங்கேயே இருங்கள். கோவிட் சோதனையில் இரண்டு கோடு வந்தாலும் இதே ஏணிதான், இன்னும் மெதுவாக. டிங்கியென்றால் இந்த ஏணியை நீங்களாகத் தொடக் கூடாது, தட்டணுக்கள் திரும்பிவிட்டன என்று மருத்துவர் சொன்ன பிறகுதான்.

அப்படி ஒரு காய்ச்சல் இந்த வாரம் வந்து மூன்று நாள் இருந்தால், நடைக்கும் மெதுவோட்டத்துக்கும் நாள் போக, போட்டிக்கு முந்திய வாரத்தில்தான் நீங்கள் 5 கிலோமீட்டரைத் தொடுவீர்கள். அப்போதும் ஈப்போவுக்குப் போகலாம், கூட்டத்தின் பின்னால் நின்று, நேரத்தைப் பார்க்காமல், மேட்டில் நடந்து முடிக்கலாம். போட்டிக்கு மூன்று நாள் முன்னால் 6 கிலோமீட்டரைப் பேசிக்கொண்டே ஓட முடியவில்லை என்றால் எண் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுங்கள்.